அச்சுக் கோத்தவருக்கு

அன்புள்ள அப்பா,

இப்போது உங்களிடம் பேசுவது எளிது. "சரி, போய்ச் சாப்பிடு" என்று நடுவில் பேச்சை முடிக்க ஆள் இல்லை. அதனால் நேராகவே சொல்கிறேன். உங்கள் வேலையைக் கொண்டுபோன கம்ப்யூட்டரில்தான் நான் முதல் சம்பளம் வாங்கினேன். அதைப் பற்றி நாம் இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை.

பள்ளி விட்டு அச்சகத்துக்கு வரும்போது கேஸ் முன்னால் நின்றுகொண்டிருப்பீர்கள். இடது கையில் ஸ்டிக். எழுத்தின் உடம்பில் இருக்கும் சின்ன வெட்டை விரல் தொட்டதுமே எது மேல்பக்கம் என்று தெரிந்துவிடும். 'கொ' என்ற ஒன்றுக்கே கொம்பு, க, கால் என்று மூன்று அறைகளுக்குக் கை போய்வரும். வரி நிறையாவிட்டால் சொற்களுக்கு நடுவே ஸ்பேஸ் செருகி இறுக்குவீர்கள். அச்சானதும் எல்லாவற்றையும் பிரித்து அதனதன் அறையில் போட வேண்டும். அவசரத்தில் 'ண' அறையில் 'ன' விழுந்தால், அடுத்த கல்யாணப் பத்திரிகையில் மணமகன் மனமகன் ஆகிவிடுவார்.

1978இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்து, 'லை'யின் துதிக்கையும் 'னா'வின் சுழியும் போயின. தமிழே போச்சு என்று சிலர் புலம்பினார்கள். நீங்கள் "அறை மிச்சம்" என்றதோடு சரி. ஆனால் கையால் எழுதும்போது கடைசிவரை துதிக்கை வைத்துத்தான் எழுதினீர்கள்.

ஈயத்துக்கு முறிவு என்று முதலாளி வாழைப்பழம் கொடுப்பார். அது எதையும் முறிக்காது அப்பா. கேஸில் படிந்த தூசி, கழுவாத விரல் வழியாக வாய்க்குப் போகும். உங்கள் வயிற்றுவலியை அல்சர் என்றே வைத்துக்கொண்டோம். ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பரிசோதனை உண்டு என்பது நம் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அதனால்தான் இதை மன்னிப்புக் கடிதமாக எழுதவில்லை. தொண்ணூறுகளில் அந்த எழுத்துகளைக் கிலோக் கணக்கில் எடைக்குப் போட்டபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதையும் சொல்லாமல்தான் வைத்திருந்தேன்.

டி.டி.பி.யில் நான் வடிவமைத்த முதல் பக்கத்தைக் காட்டியபோது, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தீர்கள். "நடுவுல ஓட்டை ஓட்டையா இருக்கு" என்றீர்கள். பாராட்டு வரும் என்று நின்றவனுக்குச் சுருக்கென்றது. ஆனால் சொன்னது சரி. தமிழ்ச் சொல் நீளம், பத்தி குறுகல். இரண்டு ஓரத்தையும் நேராக்கச் சொன்னால் மென்பொருள் இடைவெளியை இழுத்துவிடுகிறது. நீண்ட சொல்லைத் தகுந்த இடத்தில் உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளினால்தான் ஓட்டை அடைபடும். இன்றைக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

அந்த வேலைக்குத் தனியாக யாரும் காசு தருவதில்லை. உங்களுக்கு என்ன கணக்கு? பக்கத்துக்கு இவ்வளவு என்றா, மாதச் சம்பளமா? எவ்வளவு கொடுத்தார்கள் அப்பா?