"தோலோங்" என்று மட்டும் சொல்லாதீர்கள்

உலு திராமில் ஒரு காலை, பக்கத்து வீட்டுப் பையன் 999-ஐ அழைத்தபோது நான் அவன் அருகில் நின்றேன். "தோலோங்... தோலோங்... சாக்கிட்" என்பதற்கு மேல் அவனுக்கு வார்த்தை வரவில்லை. மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டார்: எந்த இடம்? "உலு திராம்." எந்தத் தாமான்? "புத்ரி வங்சா." எந்தத் தெரு? "ஜாலான் பெலாடாவ்." எத்தனையாம் பெலாடாவ்? பையன் திகைத்துப்போனான். அந்தத் தாமானில் ஒரே பெயரில், எண் மட்டும் மாறி, எத்தனை தெருக்கள்!

உள்ளே தாத்தா நாற்காலியில் சாய்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஏதோ சொன்னார், ஒன்றும் விளங்கவில்லை. "ராத்திரி குடிச்சிருப்பாரு, உளறுறாரு, விடுங்க" என்றார் கூடத்தில் ஒருவர்.

அந்த "விடுங்க"வைத்தான் நாம் உடனே நிறுத்த வேண்டும். 999-க்கு வரும் அழைப்புகளில், குழந்தை போனை அழுத்தி விளையாடுவதற்கும், சட்டைப்பையில் இருக்கும் போன் தானாக அழைத்துவிடுவதற்கும் பொருள் இல்லை. ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டு விட்டுவிடலாம். "தோலோங்" அப்படியல்ல. அதற்குள் ஒரு முழுச் செய்தி இருக்கிறது, வெளியே வரத்தான் வழி தெரியவில்லை. தாத்தாவின் குழறலோ அதைவிடப் பெரிய செய்தி. திடீரென்று பேச்சு குழறுவதே பக்கவாதத்தின் அடையாளம்.

குழறுகிறவரைச் சிரிக்கச் சொல்லுங்கள், வாய் கோணுகிறதா பாருங்கள். இரண்டு கையையும் நீட்டித் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று தாழ்கிறதா பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலே போதும், அழையுங்கள். சர்க்கரை மிகவும் இறங்கினாலும் இப்படி ஆகலாம். எது என்று பிரித்தறிவது மருத்துவர் வேலை, உங்கள் வேலையல்ல.

அழைத்ததும் முதலில் தெருவை எண்ணோடு சொல்லுங்கள். பேச்சு நடுவில் அறுந்தாலும் எங்கே வர வேண்டும் என்பது தெரிந்துவிடும். பிறகு, "சாக்கிட்" என்று நிறுத்தாமல், "வாய் கோணிப்போச்சு, வலது கை தூக்க முடியல" என்று கண்டதைச் சொல்லுங்கள். கடைசியாக நன்றாக இருந்தது எப்போது என்பதையும் தவறாமல் சொல்லுங்கள். மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். "இப்பத்தான் பார்த்தோம்" என்பது அந்தக் கணக்குக்கு உதவாது. தூங்கி எழுந்தபோதே கோணியிருந்தால், படுக்கப்போன நேரத்திலிருந்து எண்ணுவார்கள்.

பையனின் பாட்டிதான் அன்று அதைச் சொன்னார்: "ஏழு மணிக்குத் தேத்தண்ணி குடிக்கிறப்ப நல்லாத்தான் பேசினாரு." கடிகாரத்தைப் பார்த்தேன், ஏழு நாற்பது. பையனை வாசலுக்கு அனுப்பி, தெருமுனைப் பலகையில் இருந்த எண்ணைப் படித்துச் சொல்லச் சொன்னேன்.