தீர்ந்துபோன ரிப்பனில் மிஞ்சியவை

81 செ.மீ. ரிப்பன் ஒன்றை மேசைமேல் நீட்டி வையுங்கள். சரிபாதியாக வேண்டாம், மூன்று சம பங்காகக் குறித்து நடுப்பங்கை மட்டும் வெட்டி எறியுங்கள். 27 போனது, வெட்டு விழுந்த முனைப்புள்ளிகள் இரண்டும் ரிப்பனிலேயே இருக்கட்டும். மிஞ்சிய இரண்டு துண்டுகளிலும் இதையே செய்தால் இன்னும் 18 போகும். பிறகு 12, பிறகு 8. நாலாவது சுற்று முடியும்போது கையில் 16 துண்டுகள், ஒவ்வொன்றும் 1 செ.மீ.

கத்திரி இதோடு ஓய்ந்துவிடும், கணக்கு ஓயாது. ஒவ்வொரு சுற்றிலும் இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான் தங்குகிறது: 81, 54, 36, 24, 16... இது பூஜ்யத்தை நோக்கிப் போகிறது. எறிந்ததைக் கூட்டினால் 27 + 18 + 12 + 8 + ... = 81. முழு ரிப்பனும் குப்பைக்கூடையில்.

அப்படியானால் மிச்சம் வெட்டு முனைகள் மட்டும்தானே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. 20.25 செ.மீ. புள்ளியைப் பாருங்கள். முதல் சுற்றில் அது 0–27 துண்டில், அதாவது இடப்பக்கம். அடுத்து 18–27, வலம். அடுத்து 18–21, இடம். பிறகு 20–21, வலம். இட, வல, இட, வல என்று முடிவில்லாமல் மாறிக்கொண்டே தப்பிக்கிறது. வெட்டு முனை என்றால் ஒரு கட்டத்துக்குமேல் ஒரே பக்கமாகத்தான் திரும்பும், இது அப்படியில்லை.

இப்படி, எஞ்சிய ஒவ்வொரு புள்ளிக்கும் முடிவில்லாத ஓர் இட-வல முகவரி உண்டு. எந்த முகவரியை எழுதினாலும், அது காட்டும் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கி ஒரே புள்ளியில் போய் நிற்கும். இரண்டு முகவரிகள் ஓரிடத்தில் வேறுபட்டாலே போதும், நடுவில் வெட்டிய இடைவெளி அவற்றைப் பிரித்துவிடும். தசம எண்ணில் 0.4999..., 0.5 இரண்டும் ஒன்றே என்ற குழப்பம் இங்கே கிடையாது.

எஞ்சிய புள்ளிகளின் இந்தக் கணத்தை 1883-இல் எழுதிக்காட்டிய ஜெர்மன் கணிதர் கேன்டரின் பெயரிலேயே அது வழங்குகிறது. அவருடைய மூலைவிட்ட வாதத்தையே இதில் போட்டுப் பார்க்கலாம். எல்லாப் புள்ளிகளையும் ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்திவிட்டதாக ஒருவர் பட்டியலை நீட்டுகிறார். முதல் முகவரியின் முதல் திருப்பத்தை மாற்றுங்கள். இரண்டாவதன் இரண்டாம் திருப்பத்தை, மூன்றாவதன் மூன்றாவதை, இப்படியே. மாற்றியவற்றைக் கோத்தால் வரும் புதிய முகவரி, பட்டியலின் ஒவ்வொரு வரியோடும் ஓரிடத்திலாவது முரண்படும். பட்டியலில் அது இல்லை, ரிப்பனில் இருக்கிறது.

வெட்டு முனைகளையோ சுற்றுவாரியாக எளிதில் பட்டியலிட்டுவிடலாம். எனவே மிச்சத்தில் மிகப் பெரும்பான்மை, கத்திரி ஒருநாளும் தொடாத 20.25-இன் ஜாதிதான்.