கண்ணில் பட்ட தொகை

2020 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் சிட்டி வங்கி, ரெவ்லான் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்குச் சுமார் 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப நினைத்து, கிட்டத்தட்ட 90 கோடி டாலரை அனுப்பிவிட்டது. அனுப்பும் முன் அதை மூன்று பேர் பார்த்து ஒப்புதல் தந்திருந்தார்கள். பெற்றவர்களில் சிலர் ஏறக்குறைய 50 கோடி டாலரைத் திருப்பித் தர மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் கீழமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது, 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. பணத்தை வைத்துக்கொண்டவர்கள் செய்தது நியாயமா என்பதைப் பற்றித்தான் உலகம் பேசியது. பார்த்துவிட்டு ஒப்புதல் தந்த கண்களுக்கு என்ன கடமை இருந்தது என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று.

அந்தக் கேள்வி ஒவ்வொரு நாளும் சிறிய அளவில் எழுகிறது. தொழில் ஆலோசகர் ஒருவர் முன்மொழிவை அனுப்புகிறார். அதன் முகப்பில் ஒரு மின்னஞ்சல். கட்டணம், தவணைகள், எத்தனை நாள் செல்லுபடியாகும் என்ற மூன்றும் அதில் உண்டு. அனுப்பும் முன் இன்னொருவரிடம், “மொழியை மட்டும் பாருங்கள்” என்று தருகிறார். படிப்பவர் கண்ணில் எழுத்துப்பிழையோடு தொகைப்பிழையும் படுகிறது. அவர் என்ன செய்ய வேண்டும்? கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் தானாகத் திருத்தக் கூடாது. இந்த இரண்டில் ஒன்றைச் செய்து மற்றதை விட்டாலும் அது அறமாகாது.

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலைக்கு மின்சிக்கனத் தணிக்கை செய்யும் ஆலோசகரை எடுத்துக்கொள்வோம். கட்டணம் 6,80,000 ரூபாய். மின்னஞ்சலில், வேலை ஆணை கிடைத்ததும் 30 சதவீதம், வரைவு அறிக்கை தந்ததும் 40 சதவீதம், இறுதி அறிக்கையோடு 20 சதவீதம் என்று இருக்கிறது. கூட்டினால் 90தான் வருகிறது. இணைப்பிலோ 30, 40, 30. படிப்பவர் இணைப்பைப் பார்த்து 20 என்பதை 30 ஆக்கிவிட்டு, உதவி செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கக்கூடும். ஆனால் ஆலோசகர் மனத்தில் இருந்தது 40, 40, 20. அளவைக் கருவிகளின் வாடகையும் பயணச் செலவும் முதலிலேயே விழும் என்பதால் முன்பணத்தை உயர்த்த நினைத்தார். கடைசித் தவணையைக் குறைத்தவர் முதல் தவணையை மாற்ற மறந்துவிட்டார். இணைப்பு பழைய கோப்பிலிருந்து வந்தது. நல்லெண்ணத்தோடு செய்த திருத்தம் அவருடைய முன்பணத்தில் 68,000 ரூபாயைக் கடைசிக்குத் தள்ளிவிட்டது. அதைவிடக் கொடியது, பிழை இருந்த தடயமே அழிந்துவிட்டது. இப்போது கூட்டல் சரியாக 100 வருகிறது. இனி எவருக்கும் ஐயம் எழாது.

சொற்களைத் தொடும்போதும் இதே ஆபத்து இருக்கிறது. “வரைவு அறிக்கை தந்ததும்” என்பது தட்டையாக இருக்கிறதென்று “ஏற்கப்பட்டதும்” என மெருகேற்றினால், 2,72,000 ரூபாய் எப்போது வரும் என்பதை ஆலோசகரின் கையிலிருந்து எடுத்து மில்லின் கையில் கொடுத்தாயிற்று. மில் நிர்வாகம் அறிக்கையை மூன்று மாதம் மேசையில் வைத்திருந்தால் அந்த மூன்று மாதமும் பணம் கேட்க வழியில்லை.

இனி வரி. மின்னஞ்சல் “அனைத்தும் உட்பட 6,80,000” என்கிறது, இணைப்பு “ஜிஎஸ்டி தனி” என்கிறது. தனி என்றால் 18 சதவீதமான 1,22,400 சேர்ந்து இன்வாய்ஸ் 8,02,400 ரூபாய்க்குப் போகும். உட்பட என்றால் ஆலோசகருக்கு நிற்பது 5,76,271 மட்டுமே. இரண்டு வார்த்தைக்குள் அவருடைய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உழைப்பு அடங்கியிருக்கிறது. இதைப் பார்த்தும் காற்புள்ளியை மட்டும் திருத்திக் கொடுத்தவரை நேர்மையாளர் என்று எப்படிச் சொல்வது?

“அது என் வேலை இல்லை” என்பது வழக்கமான பதில். அதிலும் ஓரளவு நியாயம் உண்டு. விலையை முடிவு செய்யும் உரிமை ஆலோசகருக்கே. குறைந்த கூலிக்கு மொழி பார்ப்பவர் மீது கணக்கரின் பொறுப்பைச் சுமத்துவதும் சரியல்ல. ஆனால் இங்கே யாரும் விலையை எடைபோடச் சொல்லவில்லை. ஒரே மடல் தன்னோடு தானே முரண்படுவதைச் சொல்லச் சொல்கிறோம். முரண்பாட்டைக் காண்பது மொழி பார்ப்பவரின் வேலைதான் என்பதற்குப் பழைய சான்றுகள் இருக்கின்றன. நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் வழூஉச்சொல் புணர்த்தலும் மாறுகொளக் கூறலும் ஒரே பட்டியலில் நிற்கின்றன. அரச மடல்களைப் பற்றிப் பேசும் கௌடிலியரின் அர்த்தசாஸ்திரமும், இலக்கணப் பிழையோடு முன்னுக்குப்பின் முரணையும் எழுத்தின் குற்றமாக எண்ணுகிறது. பிழைச்சொல்லைக் கண்டவர் முரணைக் காணவில்லை என்றால் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

வாணிக அறத்தைச் சொன்னவர்களும் இதே திசையில்தான் நிற்கிறார்கள். பிறர் பொருளையும் தம்முடையது போலப் பேண வேண்டும் என்பது வணிகருக்கு வள்ளுவர் நடுவுநிலைமையில் வைத்த விதி. கொள்வதை மிகுதியாகக் கொள்ளாத, கொடுப்பதைக் குறைத்துக் கொடுக்காத காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. ரோமில் சிசரோ, நிலம் வாங்கப் போன ஸ்காவோலா என்பவர், விற்றவர் சொன்ன விலை குறைவு என்று தாமே ஒரு லட்சம் செஸ்டர்ஸ் கூட்டிக் கொடுத்ததை எடுத்துக்காட்டுகிறார். எதிர்த்தரப்பின் குறைவையே ஒருவர் சுட்டியிருக்கும்போது, தம்மை நம்பி மடலைத் தந்தவரின் குறைவைச் சொல்லாமல் விடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

பிறகு சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிடவும் முடியாது. இங்கிலாந்தில் 1939-ல் ஹார்டாக் எதிர் கோலின் அண்டு ஷீல்ட்ஸ் வழக்கில், முயல்தோலுக்கு ஒரு தோல் கணக்கில் சொல்ல வேண்டிய விலையை ஒரு பவுண்டு எடைக் கணக்கில் சொல்லிவிட்டார்கள். ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய மூன்று தோல். பிழையென்று வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் எனக் கூறி நீதிமன்றம் விற்றவரை விடுவித்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்கு விலை எவர் கண்ணையும் உறுத்தும்; வரி உட்பட என்று எழுதிய மின்னஞ்சல் யாரை உறுத்தும்? 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 22-ம் பிரிவில், ஒரு தரப்பு மட்டும் உண்மையைத் தவறாக எண்ணியிருந்தது என்பதற்காகவே ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்கிறது.

செல்லுபடிக் காலமும் அப்படித்தான். இணைப்பின் தேதி ஜூன் 10, மின்னஞ்சல் போகும் நாள் ஜூன் 16, வாசகமோ “30 நாள் செல்லும்” என்பது மட்டுமே. மில் ஜூலை 13 அன்று சம்மதம் தெரிவித்தால் முன்மொழிவு உயிரோடு இருக்கிறதா? இணைப்பிலிருந்து எண்ணினால் ஜூலை 10-லேயே முடிந்துவிட்டது; குறித்த காலம் கடந்த முன்மொழிவு தானே ரத்தாகும் என்பது அதே சட்டத்தின் 6-ம் பிரிவு. மின்னஞ்சலிலிருந்து எண்ணினால் இன்னும் மூன்று நாள் பாக்கி. “ஜூலை 16 மாலை வரை” என்று எழுதியிருந்தால் இந்தச் சண்டையே இல்லை. எந்தத் தேதி என்பதை ஆலோசகர்தான் சொல்ல வேண்டும். தேதி இல்லை என்பதைப் படித்தவர் சொல்ல வேண்டும்.

செய்யும் முறை எளிது. மொழிப்பிழைகளைத் திருத்தச் சுவடு தெரியும்படி திருத்தலாம். தொகை, சதவீதம், தேதி, பணம் எப்போது என்று சொல்லும் வினைச்சொல் ஆகியவற்றை அப்படியே விட்டுவிட்டு, ஓரக்குறிப்பில் கேட்க வேண்டும்: “தவணைகள் கூட்டினால் 90 வருகிறது. இணைப்பில் கடைசித் தவணை 30. எது உங்கள் எண்ணம்?” பிழை ஆலோசகருக்கு லாபமாக, கூட்டல் 110 என்று வந்தாலும் அதே கேள்விதான். இணைப்பைத் திறந்து ஒப்பிட இணைப்பைத் தந்திருக்க வேண்டும்; தராதபோது, “இணைப்பைப் பார்க்கவில்லை” என்று ஒரு வரி எழுதி அனுப்புவதும் கடமையில் சேரும்.

கேட்டபிறகும் ஆலோசகர், “தெரியும், அப்படியே இருக்கட்டும், ‘உட்பட’ என்று பார்த்துத்தான் மில்காரர் கையெழுத்துப் போடுவார்” என்று பதில் அனுப்பினால், அப்போது அது பிழையன்று, பொறி. அந்த மடலின் காற்புள்ளியைக்கூடத் தொடாமல் திருப்பித் தருவதே படித்தவர் செய்ய வேண்டியது, கூலி போனாலும்.