ஒரு கவரும் மூன்று கேள்விகளும்

ரமலான் பாதி கடந்தால் மேல்விஷாரத்தில் டேனரி முதலாளிகள் ஜகாத் கணக்குப் பார்க்க உட்காருவார்கள். கையிருப்புப் பணம், விற்பனைக்கு வைத்திருக்கும் தோல், வரவேண்டிய பாக்கி எல்லாவற்றையும் கூட்டிக் கடனைக் கழிப்பார்கள். மிஞ்சியது நிஸாப் என்ற வரம்பைத் தாண்டி, ஒரு சந்திர ஆண்டும் நிறைந்திருந்தால் நாற்பதில் ஒரு பங்கைக் கொடுத்தாக வேண்டும். நாற்பது லட்சம் மிஞ்சினால் ஒரு லட்சம். அந்த ஒரு லட்சத்திலிருந்து பிரிந்த ஒரு பழுப்புக் கவர் என் சிறுவயதில் எங்கள் வீட்டுக்கும் வரும்.

இன்று நான் சமூகவியல் ஆசிரியன். சமயம் பற்றிய மூன்று சமூகவியல் நோக்குகளை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதச் சொன்னால், மாணவர்கள் பெரும்பாலும் மூன்று பெட்டிகள் கட்டிவிடுகிறார்கள். துர்கைமுக்கு ஒன்று, மார்க்ஸுக்கு ஒன்று, வேபருக்கு ஒன்று. கடைசியில், மூன்றிலும் நிறையும் குறையும் உண்டு என்று ஒரு வரி. "சார், மூணும் சரின்னு எழுதினா தப்பா?" என்று ஒரு மாணவி கேட்டாள். தப்பில்லை. ஆனால் அது ஒப்பீடு ஆகாது. ஒப்பிட வேண்டுமானால் மூவர் முன்னும் ஒரே பொருளை வைக்க வேண்டும். நான் அந்தக் கவரை வைத்தேன்.

செயல்பாட்டு நோக்கு, அது என்ன வேலை செய்கிறது என்று கேட்கும். சமயம் மனிதர்களை ஒரே அறக்குழுவாகச் சேர்க்கிறது என்று துர்கைம் 1912-இல் எழுதினார். தோல் ஊறும் தொட்டியில் நிற்பவனும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவனும் ஒரே மாதம் பசித்திருந்து, ஒரே வரிசையில் தொழுது, பணத்தாலும் இணைகிறார்கள். இதற்கான மறுப்பு அதே முகாமைச் சேர்ந்த மெர்ட்டனிடமிருந்தே வருகிறது. பல சமயங்கள் உள்ள இடத்தில், ஒரு குழுவைச் சேர்க்கும் கயிறு அடுத்த குழுவுக்கு வேலியாகவும் ஆகலாம். ஜகாத்தை முஸ்லிம் ஏழைகளுக்கே தரவேண்டும் என்பது பெரும்பான்மை மார்க்க அறிஞர்களின் கருத்து. பிறருக்கு விருப்பக் கொடையான சதக்கா கொடுக்கலாம். ஆகவே அதே தொட்டியில் பக்கத்தில் நிற்கும் முஸ்லிம் அல்லாத தொழிலாளிக்கு அந்தக் கவர் பொதுவாகப் போகாது.

முரண்பாட்டு நோக்கு, யாருக்கு லாபம் என்று கேட்கும். ஜகாத் கணக்கில் விற்பனைச் சரக்கு வரும். டேனரிக் கட்டடமும் இயந்திரமும் பொதுவாக வராது. உற்பத்திச் சாதனம் கைமாறாமல் அதன் பலனில் ஒரு துளி மட்டும் இறங்குகிறது என்று மார்க்ஸியர் சுட்டுவார். கூலி கேட்க வேண்டியவன் கவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறான் என்பார். துர்கைம் ஒற்றுமை என்று சொன்ன அதே அமைதியை இவர் மயக்கம் என்கிறார். கட்டுரையின் உயிர் இந்த மோதலில்தான் இருக்கிறது. ஆனால் 1844-இல் மார்க்ஸ் சமயத்தை அபினி என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. துன்பத்தின் வெளிப்பாடு என்றும் துன்பத்துக்கு எதிரான முறையீடு என்றும் சொன்னார். பாதியை மட்டும் எழுதும் விடைத்தாள் அவருக்கு நியாயம் செய்யாது.

மூன்றாவது நோக்கு வேபர் வழி வருவது. செய்பவர் அதற்கு என்ன பொருள் கொள்கிறார் என்று கேட்கும். ஒருநாள் கவரைப் பார்த்து, "பிச்சையாம்மா இது?" என்று கேட்டேன். அம்மா அதைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, "இல்லடா, இது நம்ம ஹக்கு. அவங்ககிட்ட இருந்த நம்ம பணம்" என்றார். ஜகாத் என்ற சொல்லுக்கே தூய்மை, வளர்ச்சி என்று பொருள். தன் பணம் தூய்மையாக வேண்டுமென்று கொடுப்பவர் கொடுத்தார். தன் உரிமை என்று அம்மா வாங்கினார். நன்றி சொல்லி அடங்கிப் போனவராக அவரைக் காட்டும் விளக்கம் இங்கே தடுக்கி நிற்கிறது. அதே சமயம், ஹக்கு என்று அம்மா நம்பியதால் அவருடைய கூலி ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. பொருளைப் புரிந்துகொண்டால் அதிகாரத்தையும் புரிந்துகொண்டதாகிவிடாது என்பது இந்த நோக்கின் எல்லை.

மூன்றுக்கும் சம பக்கம் ஒதுக்குவதைச் சமநிலை என்று நான் மதிப்பதில்லை. ஒரு நோக்கு பதில் சொல்ல முடியாத இடத்தில் அடுத்த நோக்கை அழைத்து, எந்தக் கேள்விக்கு எது வலுவானது என்று தீர்ப்புச் சொல்வதே சமநிலை. ஊர் ஏன் ஒன்றாக நிற்கிறது என்பதற்குத் துர்கைம், ஏன் ஏற்றத்தாழ்வு அப்படியே நீடிக்கிறது என்பதற்கு மார்க்ஸ், அந்த ஏற்றத்தாழ்வுக்குள் ஒரு பெண் எப்படித் தலை நிமிர்ந்து இருந்தாள் என்பதற்கு வேபர். என் முடிவு இதுதான்.

இதை எழுதுவதற்கு நான் என் மார்க்கத்தை விடவும் இல்லை, அதன்மேல் கேள்வி கேட்க அஞ்சவும் இல்லை. உங்கள் ஊர்க் கோயில் அன்னதானத்தையோ தேவாலயக் காணிக்கையையோ இப்படி எழுத நேர்ந்தால், கொடுத்தவரிடமும் வாங்கியவரிடமும் பேசுங்கள். வரிசைக்கு வெளியே நிற்பவரிடமும் பேசிவிட்டுப் பேனாவை எடுங்கள்.