பவர் பத்திரம் தரும் உரிமையும் தராத உரிமையும்

வயதான தாயின் சேமிப்பு பல வங்கிகளில் சிதறிக் கிடக்கிறது. மகன் கையில் முறைப்படி பதிவான பவர் பத்திரம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாக்க அவனுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் எப்படி ஒன்றாக்குவது என்று முடிவு செய்யும் உரிமையும் அவனுடையதுதானா?

ஓர் எடுத்துக்காட்டு. மூன்று வங்கிகளில் தலா 4 லட்சம் டெபாசிட். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளை நாமினி. மூத்தவன் 12 லட்சத்தையும் ஒரே வங்கிக்கு மாற்றித் தன்னையே நாமினி ஆக்குகிறான். வங்கி முழுகினால், ஒருவருக்கு ஒரு வங்கியில் வட்டி உட்பட 5 லட்சம் வரைதான் காப்பீடு. முன்பு முழுத்தொகையும் அதற்குள் அடங்கியது; இப்போது 7 லட்சம் வெளியே நிற்கிறது. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கே என்கிறது சட்டம். ஆனாலும் மூவருக்கும் சமமாகப் போய்ச் சேரட்டும் என்று தாய் செய்துவைத்த ஏற்பாடு கலைந்துவிட்டது. சிதறலாகத் தெரிந்தது அவர் போட்ட கணக்கு.

அதற்காக எதையும் தொடாமல் விடுவதும் நியாயமில்லை. முதிர்ந்த டெபாசிட்டுகள் மறந்துபோகும். பத்தாண்டு எவரும் கேட்காத தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். திரும்பக் கேட்டு வாங்க முடியும் என்றாலும், தள்ளாத வயதில் அந்த அலைச்சல் யாருக்கு ஆகும்?

தாய்க்குத் தெளிவு இருக்கும்போதே உட்கார்ந்து பேசினால் நல்ல வழி பிறக்கும். அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். நான்கு பேர் வரை நாமினியாக்கி, பங்கும் குறிக்கலாம். அதனால் மூன்று பிள்ளைகளின் பெயரும் ஒரே கணக்கில் நிற்கும். டெபாசிட்டை முதிர்வுக்கு முன் உடைத்தால் வட்டி குறையும் என்பதால், ஒவ்வொன்றும் முதிர முதிர மாற்றுவதே சரி. கையெழுத்துப் போட முடிந்தவரை தாயே போடட்டும்.

இந்தப் பேச்சைத் தள்ளிப்போடக் கூடாது. பவர் கொடுத்தவர் சித்தத் தெளிவை இழந்தால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி அந்த முகமை முடிந்துவிடும். அதன்பின் பாதுகாவலராக நியமிக்கக் கோரி உயர்நீதிமன்றத்தை நாட வேண்டும். பலர் தெளிவு இழந்ததை மறைத்துப் பழைய பத்திரத்தையே காட்டி வங்கியில் காரியம் முடிக்கிறார்கள். நோக்கம் நல்லதாகவே இருந்தாலும் அது இல்லாத அதிகாரம்.

பவர் கொடுத்தவர் கேட்டபோது பெற்றவர் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது அதே சட்டம். தாய் கேட்கமாட்டார்; கேட்காமலே காட்டுவதுதான் அறம். நிர்வகிப்பவருக்கு வேலை குறைவது மட்டும் எளிமையாகாது. பணத்துக்கு உரியவரின் பாதுகாப்பும் விருப்பமும் குறையாமல் நிற்கும் மாற்றமே நியாயமான மாற்றம்.