தள்ளுபடிக்குக் காரணம் கேட்டீர்களா?

ஆடியில் கல்யாணம் கூடாது, புதுவீடு புகக் கூடாது என்று எவரோ சொல்லிவைத்ததை நாம் இன்னும் மீறவில்லை. அதனால் ஜவுளிக் கடைகளில் ஈ ஓட்டும் மாதமாக ஆடி இருந்தது. கடைக்காரர்கள் விடுவார்களா? அந்த மாதத்துக்கே ஒரு திருவிழாவை ஏற்படுத்திவிட்டார்கள். நாளும் நட்சத்திரமும் புரட்டு என்று மேடையில் முழங்கும் தோழர்கூட, ‘50 சதவீதம்’ என்ற சிவப்புச் சீட்டுக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாக நிற்கிறார். ஜோசியரிடம் ‘உமக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்கிற வாய், விலைச்சீட்டிடம் ஏன் அடைத்துப் போகிறது?

வெண்ணந்தூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி மற்றவர்களைவிடக் கூடுதலாக உறைக்க வேண்டும். தறியை நம்பிப் பிழைக்கிற ஊர் இது. நூல் விலை ஏறியதும், கூலி ஏறாததும் இங்கே திண்ணைப் பேச்சு. சேலையை நெய்கிற கையே ஆடி பிறந்ததும் ராசிபுரத்துக்கோ சேலத்துக்கோ பஸ் ஏறி, அங்கே கட்டப்பையைத் தூக்கிக்கொண்டு நெரிசலில் நிற்கிறது. நெய்யத் தெரிந்தவருக்கே விலை புரியவில்லை என்றால், யாருக்குத்தான் புரியும்?

ஒரு பருத்திச் சேலையை எடுத்துக்கொள்வோம். சீட்டில் 1,800 ரூபாய் அடிக்கப்பட்டு, பக்கத்தில் 900 என்று போட்டிருக்கிறது. அந்த 1,800 எங்கிருந்து வந்தது? எம்ஆர்பி என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்சவரம்பு மட்டும்தான். அதை அச்சிடுகிறவர் தயாரிப்பாளரோ வியாபாரியோ. 1,800 சரியா என்று எந்த அலுவலகமும் சரிபார்ப்பதில்லை. அந்த விலைக்கு ஒரு சேலையாவது விற்றதா என்பதற்கும் சீட்டில் சாட்சி இல்லை. அதே நூல், அதே கரை, அதே நீளமுள்ள சேலை பக்கத்துக் கடையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் என்ன விலை என்று பாருங்கள். அங்கே தள்ளுபடி எதுவும் இல்லாமல் 950 என்றால், உங்களுக்குக் கிடைத்த தள்ளுபடி 50 ரூபாய். மிச்சம் 850 ரூபாய் பேனா போட்ட கோடு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த விளையாட்டுக்கு ஒரு கடிவாளம் போட்டார்கள். 2022 மே மாத இறுதியிலிருந்து, விலையைக் குறைத்துவிட்டதாக அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய 30 நாளில் தான் விற்ற மிகக் குறைந்த விலையைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும். நம் ஊரில் அப்படி நாள் கணக்கு கிடையாது. ஆனால் ஒரு பொருள் வழக்கமாக விற்கும் விலையைப் பற்றி மக்களை ஏமாற்றுவது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். சட்டம் இருக்கிறது. போன மாதத்து விலைச்சீட்டைப் போனில் படம் எடுத்து வைத்திருப்பவர் எத்தனை பேர்?

மெய்யான தள்ளுபடிக்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் கண்ணுக்குத் தெரியும். தீபாவளிக்குக் கோ-ஆப்டெக்ஸ் 30 சதவீதம் குறைக்கிறதென்றால், கைத்தறித் துணி விற்க வேண்டும் என்று அரசு தரும் மானியம் அதன் பின்னால் இருக்கிறது. தனியார் கடை பழைய சரக்கைத் தள்ளுகிறதென்றால், அந்த அலமாரி அதைக் காட்டிக்கொடுக்கும். ஒரு டிசைனில் ஒன்றிரண்டு சேலைதான் மிஞ்சியிருக்கும். கேட்ட நிறம் இருக்காது. மடிப்பு ஓரம் லேசாக வெளுத்திருக்கும். அதற்கு மாறாக, ஒரே டிசைன் பத்து நிறத்தில், புதுப் பாலிதீன் உறையோடு இடுப்புயரம் அடுக்கியிருந்தால் அது விற்காமல் போன சரக்கு அல்ல. ஆடிக்காகவே வாங்கி, பாதி விலைக்கு விற்பதற்காகவே இரட்டை விலை அச்சிட்ட சரக்காகத்தான் பெரும்பாலும் இருக்கும். நெரிசலில் இதைப் பார்க்க நேரம் இல்லை என்பீர்கள். அந்த நெரிசலும் விற்பனையில் ஒரு பகுதிதானே!

காரணம் சேலைக்குள்ளேயே ஒளிந்திருப்பதும் உண்டு. விற்பனைப் பெண் முந்தியை மட்டும் விசிறிக் காட்டுவார். மற்றதையும் பிரிக்கச் சொல்லுங்கள். ஐந்தரை மீட்டரையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நீளவாக்கில் ஒரு கோடு தொடர்ந்து ஓடினால், பாவு இழை அறுந்ததைக் கவனிக்காமல் தறி ஓடியிருக்கிறது. குறுக்கே பட்டையாகத் தெரிந்தால் ஊடை மாறியிருக்கிறது, அல்லது தறி நின்று மறுபடி ஓடிய இடம் அது. விசைத்தறித் துணியில் கறுத்த எண்ணெய்ப் பொட்டு மடிப்பின் உள்பக்கம் ஒளிந்திருக்கும். இரண்டு கட்டைவிரலையும் அருகருகே வைத்துத் துணியை மெதுவாக இழுங்கள். இழைகள் விலகி ஜன்னல் விழுந்தால் நெசவு நெருக்கமில்லை. ரவிக்கை தைத்தால் தையலோரம் கிழியும். கஞ்சி நிறையப் போட்டால் இளைத்த துணியும் கனமாகத் தெரியும். ஓரத்தைக் கசக்கினால் வெள்ளைத்தூள் உதிரும். அடர்சிவப்பு, கறுப்பு, நீலம் என்றால் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் உள்பக்கம் ஒருமுறை தேய்த்தால் போதும், சாயத்தின் யோக்கியதை தெரிந்துவிடும்.

எல்லாக் குறையும் குறை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கைத்தறிச் சேலையின் கரையில் வரிசையாகச் சின்ன ஊசித்துளைகள் இருக்கும். துணி சுருங்காமல் இருக்க, நெசவாளி முள் பதித்த குச்சியை இரு கரையிலும் மாட்டி நெய்வதன் தடம் அது. அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்கிறவர்கள், விசைத்தறித் துணியைக் ‘கைத்தறி’ என்று சொன்னால் மட்டும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறார்கள்.

இழை விட்ட சேலைக்கு நெசவாளியின் கூலியில் பிடிப்பது தறி ஊர்கள் அறிந்த வழக்கம். ஒரு இழைக்காக அவர் காசை இழக்கிறார். அதே சேலை கடைக்கு வந்து, குறை மறைத்து மடிக்கப்பட்டு, ‘ஆடி ஆஃபர்’ என்ற பெயரில் உங்கள் தலையில் விழுகிறது. ஒரே குறைக்கு நெசவாளி ஒருமுறை தண்டம் கட்டினார், நீங்கள் ஒருமுறை கட்டுகிறீர்கள். நடுவில் இருந்தவர் என்ன இழந்தார்? குறையைச் சொல்லி, விலையைக் குறைத்து ‘செகண்ட்ஸ்’ என்று விற்பதில் ஒரு கேவலமும் இல்லை, தாராளமாக வாங்கலாம். சொல்லாமல் விற்பதுதான் திருட்டு. அதைப் பார்த்தும் ‘போனால் போகுது, பாதி விலைதானே’ என்று வாங்கிவருகிறவர் அந்தத் திருட்டுக்கு அடுத்த ஆடிக்கும் முன்பணம் கொடுக்கிறார்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகைக்கு மேலே சாமி படம் மாட்டியிருக்கும். இரண்டையும் கேள்வி கேட்காமல் நாம் கும்பிட்டுவிட்டு வருகிறோம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அதே 2019 சட்டப்படி முறையற்ற வணிகம்தான். பில் தராமல் இருப்பதும் அப்படியே. மனசு மாறிவிட்டது, நிறம் பிடிக்கவில்லை என்பதற்கு இது பொருந்தாது. குறையைச் சொல்லிக் கொடுத்த செகண்ட்ஸுக்கும் பொருந்தாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை.

ஆகவே காசு கொடுக்கும் முன் கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “இது ஏன் பாதி விலை?” பழைய சரக்கு என்றாலும், இழை விட்டது என்றாலும் அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதினால் வாங்குங்கள். “ஆடிங்க, அதான்” என்று சிரித்தால், சேலையை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வாருங்கள்.