‘சார்’ என்று மட்டும் வந்தால்…

ஒருவர் சொல்லத் தயங்கும் கவலையை நாம் கேட்டு வாங்கலாமா? இல்லை, அவராகச் சொல்லும்வரை சும்மா இருப்பதுதான் மரியாதையா? எங்கள் வட்டாரத்தில் டியூஷன் நடத்தும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் சொன்ன சம்பவம் என்னை இப்படி யோசிக்க வைத்தது. (பையனின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.)

எஸ்.பி.எம். வரை அவரிடம் படித்தவன், இப்போது பொறியியல் முதலாம் ஆண்டு. ஓர் இரவு 11.40க்கு வாட்ஸ்அப்பில் ‘சார்’ என்று மட்டும் அனுப்பினான். பள்ளிக் காலத்தில் கணக்கைப் படம் எடுத்து அனுப்பிவிட்டுத்தான் ‘சார்’ போடுவான். இன்று படமும் இல்லை, கேள்வியும் இல்லை. அவன் எதையோ டைப் செய்வது தெரிந்தது, நின்றது, மறுபடியும் தெரிந்தது. எழுதி எழுதி அழிக்கிறான் என்று சாருக்குப் புரிந்துவிட்டது.

“என்ன பிரச்சனை?” என்று கேட்டால் “ஒன்னும் இல்ல சார், சும்மா” என்று வரும். நாம எல்லாரும் சொல்லிப் பழகிய பதில்தானே! அதனால் அவர், “சொல்லு தம்பி, முழிச்சிக்கிட்டுதான் இருக்கேன்” என்று மட்டும் போட்டார். ஐந்து நிமிடம் எதுவும் வரவில்லை.

“சாப்டியா?”

“இல்ல சார்.”

“படிப்பா, பணமா, வீடா?”

“மூனும்தான் சார்.” உடனே இன்னொன்று: “அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க.”

எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். பையன் பேசினால் போதும் என்று நம்மில் பலர் சத்தியம் செய்துவிடுவோம். சார் செய்யவில்லை. “உன்ன கேக்காம சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னா சொல்லுவேன். அத இப்பவே சொல்லிடறேன்” என்றார். பிறகு நேராகவே கேட்டார்: “செத்துடலாம்னு ஏதும் தோணுதா?” இப்படிக் கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அது அப்படி வேலை செய்வதில்லை. கேட்காமல் விட்டால்தான் அவன் தனியாக இருப்பான்.

“இல்ல சார். பயமா மட்டும் இருக்கு.”

“போன் பண்ணட்டுமா?”

போனில்தான் வந்தது. முதல் செமஸ்டர் ஜிபிஏ 1.87. இரண்டுக்குக் கீழே போனதால் பிடிபிடிஎன் பணம் நின்றுவிடுமோ என்ற பயம். வீட்டிலோ 3.2 என்று சொல்லி வைத்திருக்கிறான்.

சார் இரண்டையும் பிரித்தார். கடன் விஷயத்தைக் காலையில் பல்கலைக்கழக அலுவலகத்தில் கேட்டுவிடலாம், கூட வருகிறேன் என்றார். அம்மாவிடம் சொன்ன பொய்யை மட்டும் அவர் கையில் எடுக்கவில்லை. “அது உன்னோடது தம்பி. எப்ப சொல்லணும்னு நீ பாரு.”

காத்திருப்பதும் கேட்பதும் எதிரெதிர் இல்லை என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். கவலையை அவர் கேட்டு வாங்கினார், முடிவை வாங்கவில்லை. அப்படி விட்டதில் ஆபத்தும் இருந்தது, அவன் சொல்லாமலே போயிருக்கலாம்.

மூன்று வாரம் கழித்து அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டான். என்ன பேசினார்கள் என்று சார் இன்றுவரை கேட்கவில்லை.